துருத்தி இழுக்க முடியாத ஒரு தந்தைக்குப் பழைய கீபோட்: ஒரு நிகழ்வு ஆய்வு

மட்டக்களப்பு நகரில் இசைக்கருவிகளை விற்பதும் பழுது பார்ப்பதும் என் தொழில். பழைய கீபோட்டு விசாரித்து வரும் செய்திகளில் பெரும்பாலானவை விலையோடு தொடங்கி விலையோடு முடிந்துவிடும். இங்கே ஆராயும் செய்தி காரைதீவிலிருந்து ஒரு மகள் அனுப்பியது. குடும்பத்தை அடையாளங்காட்டக்கூடிய விபரங்களை நீக்கிவிட்டு அதை அப்படியே தருகிறேன்.

"வணக்கம் அண்ணா. உங்கள் கடையில் பழைய கீபோட் விற்பனைக்கு உண்டா? அப்பாவுக்கு வேண்டும். அவருக்கு 74 வயது. பொழுதுபோக்குக்குத்தான், மேடைக்கு அல்ல. 61 கட்டை இருந்தால் நல்லம், தபேலாச் சத்தமும் இருக்க வேண்டும். 40,000 ரூபாவுக்குள் பார்க்கிறேன். கல்முனையில் ஒருவர் 49 கட்டை உள்ள ஒன்றை 22,000 ரூபாவுக்குத் தருவதாகச் சொல்கிறார். படம் அனுப்பியிருக்கிறேன், அதை வாங்கலாமா என்றும் சொல்லுங்கள். அப்பா முந்திக் கோயில் பஜனையில் ஆர்மோனியம் வாசித்தவர். இடது தோள் ஏலாமல் போனபின் துருத்தி இழுக்க முடியாமல் பெட்டியை மூடி வைத்துவிட்டார்."

கட்டைகளின் எண்ணிக்கை, தபேலா, விலை ஆகிய மூன்றையும் அவர் முன்னால் வைத்திருக்கிறார். எந்தக் கருவி பொருந்தும் என்பதைத் தீர்மானிக்கும் செய்தியோ கடைசி இரண்டு வரிகளில் இருக்கிறது. தந்தை கீபோட் பழக வருபவர் அல்லர். பல ஆண்டுகள் ஆர்மோனியத்தில் ஊறிய வலது கை அவருக்கு இருக்கிறது. அவர் இழந்தது இடது கையால் காற்றுச் செலுத்தும் வலுவை மட்டுமே. ஆகவே அந்த வலது கையின் பழக்கத்தைக் குலைக்காமல் காற்றின் வேலையை மட்டும் மின்சாரத்திடம் ஒப்படைக்கக்கூடிய கருவி எது என்பதே எங்கள் முன்னிருந்த கேள்வி. இப்படிப் பார்த்தால் 61 கட்டை என்பது கட்டாயமில்லை. ஆர்மோனியத்தில் பெரும்பாலும் மூன்று, மூன்றரை ஸ்தாயிகளே இருப்பதால் 49 கட்டைகளே அவருக்குத் தாராளம். தபேலாவும் கட்டாயமில்லை. கட்டாயமானவை அவர் குறிப்பிடாத வேறு சில.

கேட்டு அறிந்தவை

பதில் எழுதும்போது விலையைச் சொல்லாமல் முதலில் மூன்று விடயங்களைக் கேட்டேன். அப்பா ஆர்மோனியத்தில் எந்தக் கட்டையைச் சட்சமாக வைத்து வாசித்தார், இப்போது பாடும்போது குரல் எந்தச் சுருதியில் நிற்கிறது, நிலத்தில் அமர்வாரா கதிரையில் அமர்வாரா என்பவை அவை. கல்முனைக் கருவியைப் பற்றித் தீர்ப்புச் சொல்வதற்கு மேலும் இரண்டு படங்கள் தேவைப்பட்டன. வெள்ளைக் கட்டைகள் மீது அடிமட்டத்தை வைத்து எடுத்த படம் ஒன்று, அடப்டரின் அடியில் ஒட்டியிருக்கும் விபரச்சீட்டைக் கிட்ட வைத்து எடுத்த படம் மற்றொன்று.

அன்று மாலையே மறுமொழி வந்தது. தந்தை வழக்கமாக இரண்டு கட்டைச் சுருதியில், அதாவது மேற்கத்திய முறையில் 'டி' எனப்படும் வெள்ளைக் கட்டையைச் சட்சமாகக் கொண்டு வாசித்தவர். வயதோடு குரல் இறங்கி, இப்போது ஒரு கட்டையில், அதாவது 'சி'யில்தான் சிரமமின்றிப் பாடுகிறார். முழங்கால் மடங்காததால் கதிரையில்தான் அமர்வார். இந்த மறுமொழியில் சுருதி பற்றிய பகுதியே மிகவும் பயன்பட்டது. அதை விளக்க மாயாமாளவகௌளையை எடுத்துக்கொள்கிறேன்.

இரண்டு கட்டையில் சட்சம் வைத்து அந்த இராகத்தை வாசிப்பவருக்கு ரி, க, த, நி ஆகிய நான்கு சுரங்களும் கறுப்புக் கட்டைகளில் விழும். அதே இராகத்தை ஒரு கட்டையில் வாசித்தால் ரி, த இரண்டு மட்டுமே கறுப்பில் விழும், காந்தாரமும் நிசாதமும் வெள்ளைக்கு வந்துவிடும். கேட்பவருக்கு இராகம் மாறாவிட்டாலும் விரல்கள் போகும் வழி முழுவதும் மாறிவிடுகிறது. நாற்பது ஐம்பது ஆண்டு பழகிய விரல்களை 74 வயதில் வேறு வழியில் போகச் சொல்வது நியாயமன்று. சாதாரண ஆர்மோனியத்தில் இதற்கு வழியில்லை. சுரக்கட்டைப் பலகையையே நகர்த்தக்கூடிய ஆர்மோனியங்கள் இருந்தாலும் அவை எல்லா வீடுகளிலும் இருப்பதில்லை. ட்ரான்ஸ்போஸ் வசதியுள்ள கீபோட்டில் அதை இரண்டு அரைச்சுரம் கீழே இறக்கினால், அவர் விரல் 'டி'யில் இருக்க ஒலி 'சி'யில் வரும். கை பழைய இடத்திலும் குரல் புதிய இடத்திலும் நின்று பாட முடியும். ஆகவே ட்ரான்ஸ்போஸ் இல்லாத கருவி எவ்வளவு மலிவானாலும் இவருக்கு வேண்டாம் என்று முதலிலேயே முடிவாகிவிட்டது.

கல்முனைக் கருவி

அடிமட்டம் வைத்த படம் ஒரு பார்வையிலேயே பதில் சொன்னது. முழு அளவுக் கட்டைகள் கொண்ட கீபோட்டில் அடுத்தடுத்த ஏழு வெள்ளைக் கட்டைகள், அதாவது ஒரு ஸ்தாயி, ஏறக்குறைய 16.5 சென்ரிமீற்றர் அகலம் இருக்கும். படத்தில் அது வெகுவாகக் குறைந்திருந்தது. பிள்ளைகளுக்கும் பயணத்துக்கும் ஏற்ற சிறுகட்டை வகை அது. முதுமையில் விரல் மூட்டுகள் தடித்து, விரல் நேராக நிமிர மறுக்கும் நிலையில், ஒடுங்கிய கட்டையில் ஒரு சுரத்தை அழுத்தும்போது பக்கத்துச் சுரமும் சேர்ந்து அழுந்திவிடும். வாசிப்பவர் அதைத் தன் கையின் பிழையாக எண்ணி மனம் சோர்ந்துவிடுவார் என்பதுதான் எனக்குக் கவலை.

அடப்டரின் படம் அதைவிட முக்கியமானது. இதைப் பழைய கீபோட் வாங்கும் எல்லோரும் அறிந்திருக்க வேண்டும் என்பதால் சற்று விரித்துச் சொல்கிறேன். ஜப்பானில் பாவித்த கருவிகள் இலங்கைக்கு வந்து விற்பனையாவதுண்டு. ஜப்பானின் வீட்டு மின்சாரம் 100 வோல்ற், எங்களது 230 வோல்ற். அந்தச் சீட்டில் உள்ளீடு 100 வோல்ற் என்று மட்டும் அச்சிடப்பட்டிருந்தது. அதை எங்கள் வீட்டுச் சுவரில் செருகினால் தாங்கக்கூடியதைப் போல இரண்டு மடங்குக்கும் மேலான அழுத்தம் உள்ளே பாயும். அடப்டர் உடனே கருகலாம். கருகுவதற்கு முன் கீபோட்டுக்குள் மிகை மின்னழுத்தத்தைச் செலுத்தி அதையும் கெடுக்கலாம். சீட்டில் 100 முதல் 240 வரை என்று இருந்தால் பயமில்லை, அது எங்கள் மின்சாரத்தையும் ஏற்கும்.

அடப்டரை மாற்றிவிட்டால் போதாதா என்று மகள் கேட்டார். போதும், ஆனால் மூன்று விடயங்கள் ஒத்துவர வேண்டும். வெளியீட்டு வோல்ற் அளவு கீபோட்டின் பின்புறம் எழுதியிருப்பதற்குச் சமமாக இருக்க வேண்டும். அம்பியர் அளவு அதில் சொன்னதற்குச் சமமாகவோ கூடுதலாகவோ இருக்கலாம், குறையக்கூடாது. செருகியின் நடுமுனை நேரா எதிரா என்பதும் பொருந்த வேண்டும். கடைசியானதைத்தான் பலரும் பார்ப்பதில்லை. யமஹாவின் வழமையான 12 வோல்ற் அடப்டர்களில் நடுமுனை நேர். காசியோவின் பழைய 9 வோல்ற் அடப்டர்களில் நடுமுனை எதிர். செருகி அளவில் பொருந்துகிறது என்பதற்காக ஒன்றை மற்றதில் செருகுவது ஆபத்து. ஒரு புள்ளியும் அதைச் சுற்றி அரைவட்டமும் இருபக்கமும் கூட்டல் கழித்தல் குறிகளுமாக ஒரு சிறு படம் கருவியிலும் அடப்டரிலும் அச்சிடப்பட்டிருக்கும். அவை இரண்டும் ஒரே மாதிரி இருந்தால்தான் செருகலாம்.

கட்டை அளவு என்ற ஒரு காரணத்துக்காகவே அந்தக் கருவி வேண்டாம் என்று எழுதினேன். அடப்டர் பற்றிய எச்சரிக்கையை விற்பவருக்கும் சொல்லிவிடும்படி கேட்டுக்கொண்டேன். அவரும் அதை அறியாமலே விற்க வைத்திருந்தார்.

கடையில் இருந்த கருவி

எங்களிடம் அப்போது 61 முழு அளவுக் கட்டைகளும் ட்ரான்ஸ்போஸ் வசதியும் உள்ள ஒரு பழைய கீபோட் இருந்தது. இசை படித்து முடித்த ஒரு மாணவி கொடுத்துவிட்டுப் போனது. 42,000 ரூபா விலை குறித்திருந்தோம். அதை அவர்களுக்குக் காட்டுவதற்கு முன், வேறொருவர் விற்கும் கருவியைச் சோதிப்பது போலவே நான் சோதித்தேன். அந்தச் சோதனையில்தான் இந்த நிகழ்வின் மையமான விடயம் வெளிப்பட்டது.

கீபோட்டின் ஒவ்வொரு கட்டைக்கும் அடியில் ஒரு ரப்பர்க் குமிழ் இருக்கிறது. அதன் உட்புறத்தில் கரி பூசிய இரண்டு சிறு திண்டுகள் உண்டு. கட்டையை அழுத்தும்போது ஒரு திண்டு முந்தியும் மற்றது சற்றுப் பிந்தியும் கீழேயுள்ள சுற்றுப்பலகையின் கரித்தடத்தைத் தொடும். இரண்டு தொடுகைகளுக்கும் இடைப்பட்ட நேரத்தைக் கருவி அளக்கிறது. நேரம் குறுகியதாக இருந்தால் விரல் வேகமாக இறங்கியது என்று கொண்டு உரத்து ஒலிக்கும், நீண்டிருந்தால் மெதுவாக ஒலிக்கும். இதுதான் டச் என்று கருவியில் குறிக்கப்படும் தொடுவிசை வசதி. முதல் திண்டில் அழுக்குப் படிந்து அது பிந்தித் தொட்டால் இடைநேரம் குறைந்துவிடும், அதனால் மெல்லத் தொட்டாலும் அந்தச் சுரம் மட்டும் திடீரென்று அலறும். இரண்டாம் திண்டு தொடாமலே போனால் சுரம் ஊமையாகும்.

இப்போது ஆர்மோனியக்காரரை நினைத்துப் பாருங்கள். ஆர்மோனியத்தில் ஒலியின் பருமனைத் தருவது காற்று, விரலின் வேகத்துக்கு அதில் பங்கில்லை. அவர் விரல் எப்போதும் மென்மையாகவே இறங்கும். தொடுவிசை இயங்கும் கீபோட்டில் அவரது மென்மையான விரலுக்கு ஒரு சுரம் கேட்கும், அடுத்த சுரம் தேய்ந்துபோகும், வரி முழுவதும் மேடுபள்ளமாகிவிடும். எனவே இப்படிப்பட்டவருக்குக் கருவியைக் கொடுக்கும்போது தொடுவிசையை நிறுத்தித்தான் கொடுக்க வேண்டும். நிறுத்தினால் எப்படி அழுத்தினாலும் ஒரே பருமனில் ஒலிக்கும்.

ஆனால் சோதிப்பவர் இதற்கு நேர்மாறாகச் செய்ய வேண்டும். தொடுவிசையை நிறுத்திவிட்டுச் சோதித்தால், திண்டு பிந்தித் தொடும் பழுது காதுக்குத் தெரியவே தெரியாது. எல்லாச் சுரமும் ஒரே அளவில் ஒலித்து, கருவி நலமாக இருப்பதுபோல் காட்டும். அழுக்கு மேலும் படிந்து சில மாதங்களில் சுரம் ஊமையாகும்போதுதான் வாங்கியவர் அறிவார். ஆகையால் தொடுவிசையை இயக்கி, பியானோ ஒலியைத் தெரிவுசெய்து, ஒவ்வொரு கட்டையையும் கறுப்பு வெள்ளை விடாமல் மிக மெதுவாகவும் பின் நடுத்தரமாகவும் அழுத்திப் பார்க்க வேண்டும். ஓர்கன் ஒலியிலும் இந்தச் சோதனையைச் செய்யக்கூடாது, பல கருவிகளில் அது விரல் வேகத்தைப் பொருட்படுத்தாது.

அப்படி அழுத்திப் போனபோது நடு ஸ்தாயியில் அடுத்தடுத்த மூன்று கட்டைகள் பிசகின. இரண்டு அலறின, ஒன்று பத்துத் தடவைக்கு ஓரிரு தடவை ஊமையாகியது. பிசகிய கட்டைகள் எந்த இடங்களில் இருக்கின்றன என்பதே அடுத்து என்ன செய்வது என்பதைச் சொல்லும். அவை ஒன்றுக்கொன்று சம இடைவெளியில், குறித்த எண்ணிக்கைக்கு ஒன்று என்று பலகை முழுவதும் பரந்திருந்தால், அல்லது ஒரு கட்டத்தின் எல்லாக் கட்டைகளும் ஒருமிக்கச் செத்திருந்தால், பிழை ரப்பரில் அல்ல. கட்டைகளை வரிசை வரிசையாக இணைக்கும் மின்தடத்திலோ டயோட்டிலோ நாடாக்கம்பியிலோ அது இருக்கும். அப்படிப்பட்ட கருவியை நான் வயதான ஒருவருக்கு விற்கமாட்டேன், சீராக்கினாலும் திரும்பவும் தொல்லை தரக்கூடும். இங்கே பிசகியவை ஒன்றையொன்று ஒட்டியிருந்தன. ஏதோ மேலிருந்து சிந்தியிருக்கிறது என்று ஊகிக்க முடிந்தது.

பற்றரிகளையும் அடப்டரையும் அகற்றி, மெத்தென்ற துணி மீது கருவியைக் கவிழ்த்துத் திறந்தோம். திருகாணிகள் பல நீளங்களில் இருக்கும், எது எந்தத் துளையிலிருந்து வந்தது என்று ஒரு மட்டையில் குத்தி வைத்துக்கொள்ள வேண்டும். நீளமானதைக் குட்டையான துளையில் ஏற்றினால் மேற்புற பிளாஸ்டிக்கைத் துளைத்துக்கொண்டு வெளியே வரும். கட்டைகளுக்கு அடியிலிருந்த ரப்பர்ப் பட்டியைத் தூக்கியதும் காரணம் கண்ணுக்குத் தெரிந்தது. மூன்று கட்டைகளின் கரித்தடங்களைச் சுற்றி மண்ணிறத்தில் ஓர் அரைவளையம் காய்ந்து மினுங்கியது. விரலால் தொட்டால் இலேசாக ஒட்டியது. சீனி போட்ட பிளேன்ரீ சிந்திக் கட்டை இடுக்கால் இறங்கியிருக்கிறது. அந்தப் பிசுக்கில் கடலோரக் காற்றின் ஈரமும் தூசும் சேர்ந்து ஒரு படலமாகியிருந்தது.

ஐசோப்ரோபைல் அல்ககோலில் நனைத்துப் பிழிந்த பஞ்சுக்குச்சியால் தடத்தையும் திண்டையும் ஒத்தியெடுப்பதே முறை. அழுத்தித் தேய்த்தால் கரிப்பூச்சே உரிந்துவிடும், உரிந்தபின் அதைச் சரியாக மீட்பது கடினம். பெற்றோல், நகப்பூச்சு நீக்கி, துருநீக்கும் எண்ணெய்த் தெளிப்பு ஆகியவற்றை ஒருபோதும் பாவிக்கக்கூடாது. பென்சில் கரியைத் தடத்தில் தேய்த்து ஒலி வரவைக்கும் கைவேலை ஒன்றும் உண்டு, சில கிழமைகளில் உதிர்ந்து பழையபடி ஆகும். நன்றாகக் காயவிட்டு, ரப்பர்ப் பட்டியின் முளைகள் ஒவ்வொன்றையும் அதனதன் துளையில் முழுமையாக இறக்கினோம். ஒரு முளை மேலெழுந்து நின்றாலும் அந்தக் கட்டை இறுகிப்போகும். மூடியபின் மறுபடி முழுப்பலகையையும் மெதுவாக அழுத்திப் பார்த்தபோது மூன்றும் மற்றவற்றோடு ஒத்து ஒலித்தன. பற்றரிப் பெட்டியில் உப்புப் பூக்கவில்லை, இரண்டு ஸ்பீக்கர்களிலும் அதிர்வுச் சத்தம் இல்லை, ஹெட்போன் செருகும் துளையும் சரியாக இருந்தது. ஒலியளவுத் திருகி மட்டும் திருப்பும்போது கரகரத்தது. அதைச் சாதாரணமாக ஒரு சிறு குறையென்று விட்டுவிடலாம். இந்தத் தந்தைக்கு அப்படி விடமுடியாது என்பது அவர் வந்து வாசித்த பிறகு தெளிவானது.

தந்தை வாசித்துப் பார்த்தது

கருவி தயாரானதும், அப்பாவின் கை படாமல் முடிவெடுக்க வேண்டாம், அவரையும் கூட்டி வாருங்கள் என்று மகளுக்கு எழுதினேன். அந்த வார இறுதியில் இருவரும் கல்முனை, களுவாஞ்சிகுடி வழியாகப் பஸ்ஸில் வந்து சேர்ந்தார்கள். வருவதற்கு முன்பே கருவியை அவருக்கேற்ப அமைத்து வைத்திருந்தேன். தொடுவிசை நிறுத்தப்பட்டிருந்தது, ட்ரான்ஸ்போஸ் கழித்தல் இரண்டில் இருந்தது, ஒலி ரீட் ஓர்கனில் இருந்தது. ஆர்மோனியம் என்ற பெயரிலேயே ஒலி உள்ள கருவிகள் உண்டு. இந்திய இசைக்கென யமஹா வெளியிட்ட பிஎஸ்ஆர்-ஐ வரிசை அதற்கு ஓர் உதாரணம், தபேலாவும் அதில் வரும். அவை இல்லாத கருவியிலும் கவலைப்பட வேண்டியதில்லை. ஜெனரல் மிடி என்ற பொது ஒழுங்கைப் பின்பற்றும் கீபோட்டுகள் எல்லாவற்றிலும் ரீட் ஓர்கன் என்ற ஒலி இருக்கும், அந்த 128 ஒலிகளின் வரிசையில் அது 21ஆவது. ஆர்மோனியத்தின் நாக்குகள் தரும் நாதத்துக்குக் கிட்ட வருவது அதுவே.

கதிரையில் அமர்ந்து முழங்கையை மடக்கியபோது முன்கை தரைக்குச் சமாந்தரமாக இருக்கும் உயரத்தில் கட்டைகள் இருக்குமாறு தாங்கியைத் தாழ்த்திக் கொடுத்தோம். சாப்பாட்டு மேசையில் வைத்தால் தோள் உயரும், நோயுள்ள தோளுக்கு அது ஆகாது. அவர் முதலில் சட்சத்தைத் தொட்டு, அதைக் கேட்டு, மெல்லிய குரலில் அதனோடு சேர்ந்தார். சுருதி குரலுக்குப் பொருந்தியதும் ஒரு தேவாரத்தை முழுவதுமாக வாசித்தார். விரல்கள் எங்கும் தடுமாறவில்லை. சட்சம் இருந்த இடத்தில் இருக்க ஒலி மட்டும் இறங்கி வருவதை அவர் விளக்கம் கேட்காமலே ஏற்றுக்கொண்டார்.

வாசித்து முடித்துவிட்டு, "எல்லாம் சரி தம்பி, மூச்சு இல்லையே" என்றார். அந்தக் குறை உண்மையானது. அதை மறைத்து விற்பது முறையன்று. துருத்தியை அழுத்தும் கையே ஆர்மோனியத்தில் வரியை எழுப்பவும் தணிக்கவும் செய்கிறது. தொடுவிசை நிறுத்திய ஓர்கன் ஒலி தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே மட்டத்தில் நிற்கும். விலை கூடிய கருவிகளில் காலால் ஒலியளவை ஏற்றி இறக்கும் மிதிகட்டையைப் பொருத்தலாம். இந்த விலையிலுள்ள கீபோட்டுகளில் இருக்கும் மிதிகட்டைத் துளை பெரும்பாலும் ஒலியை நீட்டுவதற்கு மட்டுமே, அளவை மாற்றுவதற்கு அல்ல.

ஒரு வழி இருந்தது. இந்தக் கருவியின் ஒலியளவுத் திருகி பலகையின் இடப்பக்கத்தில் இருந்தது. இடது முன்கையைத் தாங்கியின் ஓரத்தில் வைத்தபடி, தோளை அசைக்காமல் விரல்களால் மட்டும் அதை மெல்லத் திருப்பலாம். அவரைச் செய்து பார்க்கச் சொன்னேன். வரியைத் தணித்துத் தொடங்கி, நடுவில் திருகியை ஏற்றி, முடிவில் இறக்கினார். துருத்தியின் நுட்பம் அதில் இல்லாவிட்டாலும் வரிக்கு ஏற்ற இறக்கம் வந்தது. இரண்டாம் முறை வாசித்தபோது கை தானாகவே திருகிக்குப் போனது. அதன் கரகரப்பு இப்போது ஒவ்வொரு வரியிலும் கேட்டதால் அந்த உறுப்பைப் புதிதாக மாற்றித் தருவதாக ஒப்புக்கொண்டேன். சில புதிய வகைகளில் திருகி படிப்படியாக ஏறும் எண்முறையானது. அதில் ஒலி வழுக்கிச் செல்லாமல் தாவித் தாவி ஏறும் என்பதால், இப்படி வாசிக்க நினைப்பவர்கள் வாங்குமுன் திருப்பிப் பார்ப்பது நல்லது.

வீட்டில் நாள்தோறும் எதிர்ப்படக்கூடிய சிக்கல் ஒன்றையும் அங்கேயே தீர்த்தோம். பெரும்பாலான கீபோட்டுகளை அணைத்து மறுபடி இயக்கினால் ஒலி பியானோவுக்கும் ட்ரான்ஸ்போஸ் பூச்சியத்துக்கும் திரும்பிவிடும். சிறிய திரையை வாசிக்கச் சிரமப்படும் ஒருவர் ஒவ்வொரு நாளும் இவற்றை மாற்றுவது முடியாத காரியம், நாலாம் நாள் கருவி மூடப்பட்டுவிடும். இந்தக் கருவியில் அமைப்புகளைச் சேமிக்கும் நினைவகம் இருந்தது. ஒலியையும் ட்ரான்ஸ்போஸையும் முதலாம் இலக்கத்தில் சேமித்து, அந்தப் பொத்தான் மீது சிவப்பு ஒட்டுத்தாளின் ஒரு துண்டை ஒட்டினோம். இயக்கியதும் சிவப்பை அழுத்த வேண்டும், அவ்வளவுதான். தொடுவிசை அமைப்பு அணைத்தபின்னும் நிலைக்கிறதா என்று பலமுறை அணைத்து இயக்கிப் பார்த்தோம், நிலைத்தது. இது கருவிக்குக் கருவி மாறும். பழைய வகைகள் சிலவற்றில் நினைவகம் பற்றரியின் உதவியால் உயிர் வாழ்வதால், அடப்டரையும் பற்றரியையும் சேர்த்து அகற்றினால் எல்லாம் அழிந்துவிடும். 30 நிமிடம் தொடாதிருந்தால் தானே அணையும் வசதியையும் நிறுத்திவைத்தேன். வாசிப்பை இடையில் நிறுத்திப் பேசிக்கொண்டிருப்பவருக்கு, திரும்பும்போது கருவி பேசாதிருந்தால் பழுதென்றே தோன்றும்.

தபேலா இந்தக் கருவியில் இல்லை. அதை மகளிடம் மறைக்கவில்லை. அவர் தந்தையைப் பார்த்தார். "எனக்குத் தாளம் கையில் இருக்கு பிள்ள" என்று அவர் சொல்லிவிட்டார். சுருதிக்கு வீட்டில் மின்சாரச் சுருதிப்பெட்டி ஒன்று இருப்பதாகவும் சொன்னார்கள். அதை ஒரு கட்டையில் வைத்து, கீபோட்டின் சட்சத்தோடு சேர்ந்தொலிக்கச் செய்து, இரண்டுக்கும் இடையில் அலையடிப்பு எதுவும் கேட்கிறதா என்று பார்க்கச் சொன்னேன். கேட்டால் சுருதிப்பெட்டியின் நுண்திருகியைத் திருப்பிச் சேர்க்க வேண்டும். கீபோட்டின் பொதுச்சுருதியைத் தொட வேண்டியதில்லை.

புதிய ஒலியளவுத் திருகி, 230 வோல்ற்றுக்கு உரிய அடப்டர், தாழ்த்தக்கூடிய தாங்கி எல்லாம் உட்பட 39,500 ரூபாவுக்கு முடிவாயிற்று. திறந்து துப்புரவாக்கிய கருவி என்பதையும் எந்த மூன்று கட்டைகள் என்பதையும் பற்றுச்சீட்டில் எழுதி, கட்டைகளுக்கு மூன்று மாத உத்தரவாதம் கொடுத்தேன். காரைதீவில் வீடு கடலுக்குக் கிட்ட இருப்பதால் யன்னலோரத்தில் வைக்க வேண்டாம், வாசித்து முடித்ததும் பருத்தித் துணியால் மூடுங்கள், ஈரத்தை உள்ளே அடைத்துவைக்கும் பொலித்தீன் உறை வேண்டாம், தேநீர்க் கோப்பை வேறு மேசையில் இருக்கட்டும் என்று சொல்லி அனுப்பினேன். மாதம் ஒருமுறை தொடுவிசையை இயக்கிப் பியானோ ஒலியில் அந்த மூன்று கட்டைகளையும் மெதுவாக அழுத்திப் பார்க்கும்படி மகளுக்குக் கற்றுக்கொடுத்தேன். பார்த்து முடித்ததும் தொடுவிசையை மறுபடி நிறுத்திவிட வேண்டும். மூன்றும் மீண்டும் சேர்ந்து பிசகினால் உள்ளே இன்னும் சீனிப்பிசுக்கு மீந்திருக்கிறது என்று பொருள், இன்னொரு துப்புரவு போதும். ஒன்று மட்டும் நிரந்தரமாக ஊமையானால் அதன் கரித்தடம் தேய்ந்துவிட்டது என்று பொருள். அப்போது ரப்பர்ப் பட்டியையும் தொடுகைப் பலகையின் அந்தப் பகுதியையும் மாற்ற வேண்டிவரும். அதே வகையில் உதிரிப்பாகத்துக்காக வைத்திருக்கும் உடைந்த கீபோட் ஒன்றை அதற்கென விற்காமல் ஒதுக்கி வைத்திருக்கிறேன்.